ஒரே அறை, மூன்று மேசை, ஒரு ஏசி: சண்டையில்லாமல் சரிசெய்யும் முறை

சிறிய அறையில் மூன்று பேர் உட்கார்ந்து வேலை பார்த்தால், மனத்தாங்கல் பெரும்பாலும் ரிமோட்டில்தான் தொடங்கும். ஒருவர் 20 வைப்பார். அவர் எழுந்து போனதும் இன்னொருவர் 27க்கு ஏற்றுவார். மூன்றாமவர் ஒன்றும் சொல்லாமல் ஜன்னலைத் திறந்துவிடுவார். மாலையில் வெயில் முகத்தில் அடிக்கிறது என்று திரையை இழுத்தால், அறை இருட்டிவிட்டது என்று விளக்குச் சண்டை தொடங்கும்.

அப்படி ஒரு அறைக்குப் புதிதாக வந்து சேர்பவர்களுக்கான வழிமுறை இது. சுருக்கமாக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம்: எந்த எண்ணில் வைப்பது என்ற பேச்சைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். ரிமோட்டில் தெரியும் எண் அந்த அறையில் யாருடைய நாற்காலியிலும் இருக்கும் வெப்பநிலை அல்ல. அதைப் பிடித்துக்கொண்டு வாதாடினால் வாதம் முடியவே முடியாது.

விளக்கத்துக்காக ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். நீளம் 4 மீட்டர், அகலம் 3, உயரம் 2.8. குறுகிய சுவர் ஒன்றின் மேலே ஸ்ப்ளிட் ஏசி. எதிர்ச் சுவரில் மேற்குப் பார்த்த ஜன்னல். கதவு, ஏசி இருக்கும் பக்கம். ஏசிக்கு நேர் அடியில் ஒரு மேசை, நடுவில் ஒன்று, ஜன்னலை ஒட்டி ஒன்று. ரிமோட்டில் 22. நடு மேசைக்காரருக்குக் குளிர், ஜன்னல் மேசைக்காரருக்கு மூன்று மணிக்கு மேல் புழுக்கம், ஏசிக்கு அடியில் இருப்பவருக்கும் புழுக்கம். ஏசிக்கு அடியிலேயே உட்கார்ந்துகொண்டு வேர்க்கிறது என்கிறாரே என்று மற்ற இருவரும் நம்ப மாட்டார்கள். அவர் சொல்வது உண்மைதான்.

முதலில் அளந்து பாருங்கள்

ஈரப்பதமும் காட்டும் சிறிய டிஜிட்டல் அறை வெப்பமானி ஒன்று போதும். அதை ஒவ்வொரு மேசையிலும், உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சு உயரத்தில், 15 நிமிடம் வைத்துவிட்டு எண்ணைக் குறியுங்கள். வெயில் நேராக விழும் இடத்திலும், லேப்டாப்பின் சூடான காற்று வெளியேறும் பக்கத்திலும் வைக்கக் கூடாது. காலையில் வேலை தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை, சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை, மூன்றரை மணிக்கு ஒருமுறை. எண்ணுக்குப் பக்கத்தில் அந்த இருக்கைக்காரர் சொல்வதை ஒரே சொல்லில் எழுதுங்கள்: குளிர், பரவாயில்லை, புழுக்கம். மூன்று நாள் எழுதினால் போதும்.

காற்று எங்கே அடிக்கிறது என்பதை வெப்பமானி காட்டாது. அதற்கு டிஷ்யூ தாளில் விரல் அகலத்துக்கு ஒரு கீற்றைக் கிழித்து, நூலில் கட்டி, நாற்காலிக்குப் பின்னால் கழுத்து உயரத்தில் தொங்கவிடுங்கள். கீற்று ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டே இருந்தால், அந்தக் கழுத்தில் நாள் முழுக்கக் காற்று படுகிறது. உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு, நொடிக்கு 0.2 மீட்டர் என்ற மெல்லிய வேகத்திலேயே குளிர்ந்த காற்று தொல்லையாகத் தெரியத் தொடங்கும். கழுத்தும் கணுக்காலும் அதை முதலில் உணரும்.

நம் அறையில் மூன்றரை மணிக்கு எடுத்த அளவு இப்படி இருந்ததாக வைத்துக்கொள்வோம். நடு மேசையில் 22.5, கீற்று விடாமல் ஆடுகிறது. ஏசிக்கு அடியில் 24.5, கீற்று அசையவே இல்லை. ஜன்னல் மேசையில் 26, அதோடு கண்ணாடி கையைச் சுடுகிறது. ஆக, ஒரே ரிமோட் எண்ணுக்குள் மூன்று வெவ்வேறு வானிலை. 22 சரியா 25 சரியா என்று கேட்பதில் பொருளில்லை என்பது இந்தத் தாளைப் பார்த்ததும் மூவருக்குமே புரியும்.

காரணம் இதுதான். ஏசி தன் மேல்பக்கமாக உள்ளே இழுக்கும் காற்றைத்தான் அளக்கிறது. அந்தச் சென்சார் கூரைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. சூடான காற்று மேலே தங்குவதால், கீழே நாற்காலி குளிர்ந்துவிட்ட பிறகும் மேலே இன்னும் சூடு என்று நினைத்துக் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும். இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. ஏசிக்கு முன்னால் அலமாரியோ, உத்திரமோ, திரைச்சீலையோ இருந்தால், வெளியே வந்த குளிர்காற்று அதில் மோதித் திரும்பி உடனே உள்ளே போய்விடும். அறை வெந்துகொண்டிருக்கும்போதே போதும் என்று ஏசி நின்றுவிடும். உங்கள் அறையில் எது நடக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பது எளிது. ரிமோட் எண்ணைவிட மேசைகள் குளிராக இருந்தால் முதல் வகை. மேசைகள் மூன்றும் சூடாக இருக்க, கம்ப்ரசர் மட்டும் அடிக்கடி நின்று நின்று ஓடினால் இரண்டாவது வகை.

காற்றைத் திருப்புங்கள்

குளிர்கிறது என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் தொல்லை வெப்பநிலை அல்ல, மேலே படும் காற்று. அதனால் இந்தப் படியைச் சரியாகச் செய்தாலே பாதிச் சண்டை அடங்கிவிடும்.

ஏசி வாயில் இரண்டு வகைத் தகடுகள் உண்டு. கிடைமட்டமாக இருக்கும் பெரிய தகடு ரிமோட்டில் அசையும். அதற்குள்ளே செங்குத்தாக நிற்கும் சிறு தகடுகளைப் பல ஏசிகளில் கையால்தான் திருப்ப வேண்டும். அப்படியொன்று உள்ளே இருப்பதே பலருக்குத் தெரியாது. ஏசியை அணைத்துவிட்டு, சிறு தகடுகளை ஆளில்லாத நடைவழிப் பக்கம் திருப்புங்கள். பெரிய தகட்டை முடிந்தவரை மேல்நோக்கி, கூரையை ஒட்டிக் காற்று போகும்படி நிறுத்துங்கள். குளிர்காற்று கனமானது. நீங்கள் கீழே தள்ளாவிட்டாலும் அது எதிர்ச் சுவர்ப் பக்கம் போய்த் தானாக இறங்கும். இறங்கும்போது அறைக்காற்றோடு கலந்துவிடுவதால் மேலே படும் உறுத்தல் குறையும்.

எல்லோருக்கும் சமமாக இருக்கட்டும் என்று ‘ஸ்விங்’ போடுவது நல்லெண்ணத்தில் செய்யும் தவறு. ஒரே சீராக அடிக்கும் காற்றைவிட விட்டு விட்டு அடிக்கும் காற்றுதான் உடம்புக்கு அதிக எரிச்சல் தரும். ஒருவர் பட்ட தொல்லையை மூவருக்கும் பங்கு வைப்பதாகத்தான் அது முடியும். அணைத்துவிடுங்கள்.

மின்விசிறி இருந்தால் அதை ஒன்றில் ஓடவிடுங்கள். மேலே தங்கும் சூடும் கீழே தங்கும் குளிரும் கலந்தால், சென்சார் அளப்பதும் நாற்காலியில் இருப்பதும் நெருங்கிவரும். தலைக்கும் கணுக்காலுக்கும் இடையே 3 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால், சராசரி சரியாக இருந்தாலும் உட்கார்ந்திருப்பவருக்கு ஒத்துக்கொள்ளாது. கால் மட்டும் விறைக்கிறது என்று யாராவது சொன்னால் வெப்பமானியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்துப் பாருங்கள்.

சில ரிமோட்டுகளில் ‘ஐ ஃபீல்’ அல்லது ‘ஃபாலோ மீ’ என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் ஏசி தன் சென்சாரை விட்டுவிட்டு, ரிமோட்டுக்குள் இருக்கும் சென்சாரைப் பார்த்து நடக்கும். இந்தச் சிறிய அறைகளுக்கு இது மிக உபயோகமான வசதி. ஆனால் ரிமோட் எங்கே கிடக்கிறதோ அங்கேதான் முடிவு எடுக்கப்படும் என்பதை மூவரும் அறிந்திருக்க வேண்டும். ஜன்னலோர வெயிலில் அதை வைத்தால் நடு மேசைக்காரர் விறைத்துப்போவார். நடு மேசையில், ஏசிக்கு நேராகத் தெரியும்படி, வெயில் படாமல் வையுங்கள். இழுப்பறைக்குள் போட்டால் சிக்னல் போகாது. பட்டன் வேலை செய்யவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொள்வீர்கள்.

ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். அடைத்த ஃபில்டரோடு ஓடும் ஏசியில் எந்த எண்ணும் சரிப்படாது.

இப்போது எண்

25இல் தொடங்குங்கள். மாற்றுவதென்றால் ஒரு டிகிரி மட்டும் மாற்றி, அரை மணி நேரம் பொறுத்திருங்கள். காற்று சீக்கிரம் குளிரும், ஆனால் சுவரும் மேசையும் மெதுவாகத்தான் குளிரும். அவை வீசும் சூடும் உடம்புக்குத் தெரியும். ஐந்து நிமிடத்தில் ஒன்றும் மாறவில்லை என்று இன்னும் இரண்டு டிகிரி இறக்குபவர், ஒரு மணி நேரம் கழித்து மற்றவர்களை நடுங்கவைப்பார். வெயிலிலிருந்து வந்தவர் 16 வைத்தால் அறை 25க்கு வந்து நிற்கப்போவதில்லை, அதைத் தாண்டிக் கீழே இறங்கிக்கொண்டே போகும். வெளியிலிருந்து வந்தவர் பத்து நிமிடம் சின்ன விசிறிக்கு முன்னால் உட்காரட்டும், ரிமோட்டைத் தொடாமல்.

மூவருக்கும் பொருந்தும் ஒரு எண் கிடைக்குமா? கிடைக்காமல் போகலாம். அதில் யார் குற்றமும் இல்லை. அறையின் வெப்பம் மனிதருக்கு எப்போது ஒத்துப்போகும் என்று ஆராயும் துறையின் அடிப்படைக் கணக்கை 1970இல் வகுத்த டென்மார்க் ஆய்வாளர் பி. ஓ. ஃபாங்கர், எல்லாம் மிகச் சரியாக அமைந்த அறையிலும் நூற்றுக்கு ஐந்து பேருக்குத் திருப்தி இருக்காது என்றே எழுதிவைத்தார். உடம்பு உண்டாக்கும் சூட்டைக் கணிக்கும்போது அந்தக் கணக்கில் சராசரி ஆணின் அளவே நிலையாக எடுத்துக்கொள்ளப்பட்டதால், பெண்களின் உடற்சூட்டை 35 சதவீதம் வரை மிகையாகக் கணித்துவிடலாம் என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2015இல் சுட்டிக்காட்டினார்கள். ஆகவே, உடன் வேலை பார்க்கும் பெண் குளிர்கிறது என்றால், ‘உனக்கு மட்டும்தான் குளிருது’ என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். தைராய்டு, மாதவிடாய் நிற்கும் காலம், கர்ப்பம், மூட்டுவலி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அதைக் கேட்க வேண்டியதும் இல்லை. இருக்கையில் எடுத்த அளவும் ‘குளிர்’ என்ற அந்த ஒரு சொல்லும் போதுமான ஆதாரம்.

எண் பொருந்தாதபோது எங்கள் தீர்ப்பு இது: குளிர்கிறவர் ஒரு மெல்லிய மேலாடையோடு நிம்மதியாக இருக்கும் எண்ணில் அறையை நிறுத்துங்கள். புழுக்கம் என்பவருக்கு மேசை விசிறி ஒன்று கொடுங்கள். அறையைக் குளிர்த்தால் அது எல்லோரையும் பிடிக்கும், விசிறிக்காற்று ஒருவரை மட்டுமே தொடும். முகத்திலும் கையிலும் விசிறிக்காற்று பட்டால், 26 டிகிரி அவருக்கு இரண்டு டிகிரி குறைந்ததுபோல இருக்கும். இதற்கு ஓர் எல்லை உண்டு. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் வேர்வை சீக்கிரம் காயாது, விசிறி அவ்வளவாகக் கைகொடுக்காது. அப்போது ‘ட்ரை’ மோடு போடுங்கள், அல்லது ஒரு டிகிரி இறக்குங்கள்.

குளிர்கிறவர் மேசைக்கு அடியில் ஹீட்டர் வைப்பதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஏசியும் ஹீட்டரும் எதிரெதிராக ஓடும். அதோடு, கணினிகள் செருகிய அதே நீட்டிப்புப் பலகையில் 1000 வாட் ஹீட்டரையும் செருகினால் ஒயர் சூடாகும்.

ஜன்னல்: நேரம் குறித்துத் திறப்பது

ஜன்னலைத் திறக்கச் சொல்பவரும் சரி, மூடச் சொல்பவரும் சரி. இருவரும் வெவ்வேறு விஷயத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

சாதாரண ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. உள்ளே இருப்பதையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். மூன்று பேருக்கு 54 லிட்டர். நம் அறையின் கொள்ளளவு 33,600 லிட்டர். வகுத்துப் பார்த்தால், பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று சொல்லும் பிபிஎம் கணக்கில் மணிக்குச் சுமார் 1,600 வீதம் ஏறுகிறது. வெளிக்காற்றில் இருக்கும் அளவு சுமார் 420. காற்று தேங்கிவிட்டது என்பதற்கு அடையாளமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது 1,000. துளிகூடக் கசிவில்லாத அறையென்றால் 22 நிமிடத்தில் அந்த அளவு வந்துவிடும். கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் கசிவதால் உண்மையில் இன்னும் நேரமாகும். ஆனாலும், சாப்பாட்டுக்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் தலை கனப்பதும் கொட்டாவி வருவதும் சோம்பேறித்தனம் மட்டும் அல்ல.

மூடச் சொல்பவர் பக்கம் இருக்கும் நியாயம் ஈரம். ஏசி ஓடும்போது ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்தால், வெளியே இருக்கும் ஈரக்காற்று நாள் முழுக்க உள்ளே வரும். கம்ப்ரசர் ஓயாது. குளிர்ந்த தகட்டில் நீர் முத்து முத்தாகக் கோத்து, கீழே இருக்கும் மேசையில் சொட்டும். ஏசி ஒழுகுகிறது என்று மெக்கானிக்கைக் கூப்பிடும் முன், ஜன்னல் முழுக்கச் சாத்தியிருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டையும் இணைக்கும் வழி, கொஞ்சமாக எப்போதும் திறப்பதை விட்டுவிட்டு, முழுதாகக் கொஞ்ச நேரம் திறப்பது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏசியை அணைத்து, ஜன்னலையும் கதவையும் சேர்த்து விரியத் திறந்து, ஐந்து முதல் எட்டு நிமிடம் விடுங்கள். ஜன்னலை மட்டும் திறந்தால் காற்று உள்ளே வர வழியிருக்கும், போக வழியிருக்காது. சுவரும் மேசையும் குளிர்ச்சியைப் பிடித்து வைத்திருப்பதால், சாத்தியபின் அறை சீக்கிரம் பழைய நிலைக்கு வரும். மறுபடி ஏசியைப் போட்டதும் கம்ப்ரசர் ஓட மூன்று நிமிடம்போல ஆகும். அது பாதுகாப்புக்காக வைத்த தாமதம், பழுதில்லை. அந்த நேரத்தில் எண்ணை இறக்கிவிடாதீர்கள்.

வெளியே புகையோ, வாகன நெரிசலோ, குப்பை எரிப்போ இருந்தால் அந்த முறை ஜன்னலை விட்டுவிட்டுக் கதவை மட்டும் திறந்து, மின்விசிறியை வேகமாக வையுங்கள். போன் அலாரத்தை ஜன்னலோரம் இல்லாத ஒருவர் வைத்துக்கொள்வது நல்லது. ஜன்னலுக்குப் பக்கத்தில் இருப்பவரே எழுந்து திறந்தால், மற்றவர்களுக்கு அது நேரம் வந்ததால் செய்ததாகத் தெரியாது, அவர் இஷ்டத்துக்குச் செய்வதாகத்தான் தெரியும்.

வெயிலும் விளக்கும்

ஜன்னல் மேசைக்காரரின் 26 டிகிரியை ஏசியால் தீர்க்க முடியாது. அவரைச் சுடுவது காற்றல்ல, கண்ணாடி வழியாக நேராக விழும் வெயில். திரை போட வேண்டும். ஆனால் முழுக்க மூடினால் நடு மேசை இருட்டிவிடும். பட்டைகளாக மடங்கும் திரை இருந்தால், பட்டைகளை மேல்நோக்கிச் சாய்த்து வையுங்கள். வெயில் மேசையில் விழாது, வெளிச்சம் கூரையில் பட்டு அறைக்குள் பரவும். மேற்கு ஜன்னலுக்கு இதை இரண்டரை மணிக்கே செய்ய வேண்டும். கண்ணாடியும் மேசையும் சூடேறிய பிறகு செய்தால் அன்றைய மாலை போனதுதான்.

விளக்கில் சண்டை வந்தால், முதலில் மூன்று மானிட்டர்களையும் அணைத்துவிட்டு அவரவர் நாற்காலியில் உட்கார்ந்து கறுப்புத் திரையைப் பாருங்கள். அதில் டியூப்லைட்டோ ஜன்னலோ பளிச்சென்று தெரிந்தால், கண் கூசுவதற்குக் காரணம் அந்தப் பிரதிபலிப்பு. அறை வெளிச்சத்தைக் குறைத்துப் பயனில்லை. ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி மேசையைத் திருப்புங்கள், அல்லது அந்த ஒரு விளக்கை மட்டும் அணையுங்கள்.

படித்து எழுதும் மேசைக்கு 500 லக்ஸ் வெளிச்சம் என்பது அலுவலகங்களுக்கான வழக்கமான அளவு. திரையை மட்டும் பார்ப்பவருக்கு 300 போதும். போன் செயலி காட்டும் லக்ஸ் துல்லியமாக இராது, ஆனால் ஒரு மேசையை இன்னொன்றோடு ஒப்பிட உதவும். காகிதத்தில் வேலை செய்பவருக்கு மேசை விளக்கு ஒன்று கொடுத்து, எழுதும் கைக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். இதைக் கேட்பவர் வயதில் மூத்தவராக இருந்தால் தயங்காமல் ஏற்பாடு செய்யுங்கள். 60 வயதுக் கண்ணுக்குள் போய்ச் சேரும் வெளிச்சம் 20 வயதில் போவதில் மூன்றில் ஒரு பங்குதான் என்று சொல்வார்கள்.

வெளிச்சம் அதிகமில்லை, ஆனாலும் இந்த விளக்கில் தலை வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால், போன் கேமராவை ஸ்லோமோஷனில் வைத்து விளக்கைப் படமெடுங்கள். விட்டுவிட்டு மினுங்கினாலோ கறுப்புப் பட்டைகள் ஓடினாலோ, அந்த விளக்குக்குள் மின்சாரத்தைச் சீராக்கித் தரும் ‘டிரைவர்’ என்ற பாகம் மட்டமானது. விளக்கை மாற்றுவதுதான் தீர்வு.

எப்படிக் கேட்பது, எப்படி எழுதிவைப்பது

எண்ணைச் சொல்லிக் கேட்காதீர்கள், உடம்பில் நடப்பதைச் சொல்லிக் கேளுங்கள். ‘ஏசிய 26ல வைங்க’ என்றால் எதிரில் இருப்பவர் 23 என்பார். ‘அக்கா, காத்து நேரா என் கழுத்துல அடிக்குது, இந்தத் தகட்டக் கொஞ்சம் மேல திருப்பிக்கவா?’ என்றால் மறுப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. மூத்தவரிடம், ‘சார், மூணு நாள் அளந்து எழுதிருக்கேன், ஒரு தடவ பாக்குறீங்களா?’ என்று தாளை நீட்டினால் போதும். தாளில் அவருடைய இருக்கையின் அளவும் இருக்கும். அதைத்தான் அவர் முதலில் பார்ப்பார்.

நம் அறைக்கு முடிவில் ஒட்டிய சீட்டு இவ்வளவுதான்: ஏசி 25, தகடு மேலே, ஸ்விங் இல்லை. மின்விசிறி ஒன்றில். ரிமோட் நடு மேசையில். ஏசிக்கு அடியில் இருப்பவருக்கு மேசை விசிறி. காலை பத்தரை முதல் மணிக்கொருமுறை ஜன்னலும் கதவும் எட்டு நிமிடம். இரண்டரைக்குத் திரைப்பட்டை மேல்நோக்கி. ஜன்னலோர டியூப்லைட் நான்கு மணிவரை அணைத்து.

மறுபடி அளந்தால் நடு மேசை 25, ஏசிக்கு அடியில் 25.5, ஜன்னல் மேசை 26க்குச் சற்றுக் குறைவு என்று வர வேண்டும். மேசைகளுக்கிடையே இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் நீடித்தால் காற்று இன்னும் கலக்கவில்லை, தகட்டை மறுபடி பாருங்கள். எண்கள் நெருங்கிவிட்ட பிறகும் ஒருவருக்கு ஒத்துவரவில்லையென்றால், எண்ணை மாற்றாமல் இருக்கையை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் புழுக்கம் என்பவரும் குளிர் என்பவரும் தெரியாமல் ஒருவர் இடத்தில் மற்றவர் உட்கார்ந்திருப்பார்கள். அதுவும் சரிவராவிட்டால் அந்தத் தாளோடு நிர்வாகத்திடம் போங்கள். வெறும் புகாரைத் தள்ளிப்போடலாம். ஒரு வாரத்து வெப்பநிலைப் பட்டியலை அப்படித் தள்ளிப்போடுவது கடினம்.

மழைக்காலம் தொடங்கும்போதும், அறைக்குப் புதிதாக ஒருவர் வரும்போதும் சீட்டைக் கழற்றிவிட்டு மறுபடி மூன்று நாள் அளவெடுங்கள்.